அக்காவின் மாத்திரை உங்களுக்கு வேண்டாம்

"டாக்டர், எனக்கு 50 வயது. தையல் கடை வைத்திருக்கிறேன். மாதவிலக்கு நின்று 14 மாதம் ஆகிறது. ஒரு நாளைக்கு எட்டு, பத்து தடவை நெஞ்சிலிருந்து முகம் வரை குப்பென்று சூடு ஏறி வேர்த்துக் கொட்டுகிறது. ராத்திரியில் இரண்டு மூன்று முறை எழுந்து உடை மாற்றவேண்டியிருக்கிறது. தூக்கம் கெட்டு எல்லார் மேலும் எரிந்து விழுகிறேன். கணவரோடு சேரும்போது எரிச்சலும் வலியும் இருக்கிறது. பி.பி.க்கு மாத்திரை சாப்பிடுகிறேன். எடை 76 கிலோ, உயரம் 5 அடி 1 அங்குலம். என் அக்காவுக்கு 44 வயதில் கர்ப்பப்பை, சினைப்பை எல்லாம் எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து அவள் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை சாப்பிடுகிறாள், இப்போது 53 வயது, நன்றாக இருக்கிறாள். 'நீயும் இதையே சாப்பிடு' என்று ஓர் அட்டையைக் கொடுத்திருக்கிறாள். ஆனால் எங்கள் சித்திக்கு 62 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்தது. ஹார்மோன் சாப்பிட்டால் கேன்சர் வரும் என்றும் சொல்கிறார்கள். நான் சாப்பிடலாமா, கூடாதா?"
– ஒரு வாசகி, ஈரோடு

முதலில் அந்த அட்டையை அக்காவிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஹார்மோன் சிகிச்சையே உங்களுக்கு ஆகாது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், சில பரிசோதனைகள் சரியாக இருந்தால் நீங்கள் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம் என்றே நினைக்கிறேன். ஆனால் அக்கா சாப்பிடும் மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன் மட்டும்தான் இருக்கிறது. கர்ப்பப்பை இருக்கும் பெண்ணுக்கு ஈஸ்ட்ரோஜனைத் தனியாகக் கொடுக்கவே கூடாது.

காரணம் இதுதான். கர்ப்பப்பையின் உள்சுவரை வளரவைப்பது ஈஸ்ட்ரோஜன். மாதவிலக்கு வந்துகொண்டிருந்த வரை, மாதத்தின் பின்பாதியில் சுரக்கும் புரோஜெஸ்டிரோன் அந்த வளர்ச்சியை நிறுத்தி, உள்சுவரை உதிரவைத்தது. இப்போது வெளியிலிருந்து ஈஸ்ட்ரோஜனை மட்டும் கொடுத்தால், உள்சுவர் தடுப்பார் இல்லாமல் தடித்துக்கொண்டே போகும். சில வருடங்களில் அது கர்ப்பப்பைப் புற்றுநோயாகவும் மாறலாம். 1970-களில் அமெரிக்காவில் ஈஸ்ட்ரோஜனைத் தனியாகக் கொடுத்துவந்தபோது இந்தப் புற்றுநோய் கூடியது. அதற்குப் பிறகுதான் புரோஜெஸ்டிரோனைச் சேர்த்துக் கொடுக்கும் வழக்கம் வந்தது. அக்காவுக்குக் கர்ப்பப்பையே இல்லாததால் அவருக்கு இந்த ஆபத்து இல்லை.

உங்களைப் போலவே உறவினரின் மாத்திரையை வாங்கிச் சாப்பிட்ட ஒருவர் என்னிடம் வந்திருக்கிறார். மாதவிலக்கு நின்று இரண்டு வருடம் ஆனவர். உடல் சூடு அடங்கியது, நல்ல தூக்கம் வந்தது, அதனால் அதையே விடாமல் மெடிக்கல் ஷாப்பில் வாங்கிக்கொண்டிருந்தார். பல மாதம் கழித்து உதிரப்போக்கு ஆரம்பித்தது. "மறுபடியும் மாதவிலக்கு திரும்பிவிட்டது, நல்லதுதானே?" என்று நினைத்து அதையும் விட்டுவிட்டார். ஸ்கேன் செய்தபோது உள்சுவர் 14 மில்லிமீட்டர் தடித்திருந்தது. மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கு உதிரப்போக்கு வந்தால், 4 மில்லிமீட்டரைத் தாண்டினாலே நாங்கள் பயாப்சி எடுப்போம். அவருக்கு எடுத்த பயாப்சியில் திசு அளவுக்கு மீறி வளர்ந்திருந்தது, புற்றுநோய் இல்லை. ஈஸ்ட்ரோஜனை நிறுத்தி, ஆறு மாதம் புரோஜெஸ்டிரோன் கொடுத்து, திரும்பவும் பயாப்சி எடுத்துப் பார்த்துத்தான் அவரை விட்டோம்.

சரி, கேன்சர் பயத்துக்கு வருவோம். இந்தப் பயம் முக்கியமாக 2002-இல் பரவியது. அமெரிக்காவில் 'விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்' என்ற மிகப் பெரிய ஆய்வில், கர்ப்பப்பை உள்ள 16,000-க்கும் மேற்பட்ட பெண்களில் பாதிப்பேருக்கு ஈஸ்ட்ரோஜனும் செயற்கைப் புரோஜெஸ்டிரோனும் சேர்ந்த மாத்திரையும், மீதிப்பேருக்கு மருந்தில்லாத போலி மாத்திரையும் கொடுத்தார்கள். ஐந்து வருடம் கடந்த நிலையில், ஆபத்து நன்மையைவிடக் கூடுதல் என்று சொல்லி ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள். உலகம் முழுக்க டாக்டர்கள் ஹார்மோன் எழுதுவதையே குறைத்துவிட்டார்கள்.

அந்த ஆய்வின் எண்ணைக் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள். போலி மாத்திரை சாப்பிட்ட 10,000 பெண்களில் ஒரு வருடத்தில் 30 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. ஹார்மோன் சாப்பிட்டவர்களில் 38 பேருக்கு வந்தது. அதாவது 10,000 பேருக்கு 8 பேர் கூடுதல். செய்தித்தாள்களில் இது '26 சதவீதம் அதிகம்' என்று வந்தது. இரண்டும் ஒரே கணக்குதான், ஆனால் படிக்கிறவர் மனதில் ஏறுவது வேறுமாதிரி. கூடுதல் ஆபத்து உண்மை, அதை நான் மறைக்கமாட்டேன். வருடங்கள் கூடக்கூட அதுவும் கூடும். ஆனால் "ஹார்மோன் சாப்பிட்டால் கேன்சர் வரும்" என்று ஒரே வரியில் சொல்லும் அளவுக்கு அது பெரியதில்லை.

இன்னொன்றும் அப்போது சரியாக வெளியே வரவில்லை. அந்தப் பெண்களின் சராசரி வயது 63. மாதவிலக்கு நின்று பத்து வருடத்துக்கு மேலானவர்கள் அதில் நிறையப் பேர். ரத்தக் குழாயில் ஏற்கெனவே கொழுப்புப் படிந்திருக்கும் வயதில் புதிதாக ஹார்மோனை ஆரம்பித்தால் மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் வழி உண்டு. பிறகு வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, ஐம்பதுகளில் ஆரம்பித்தவர்களிடம் மாரடைப்பு கூடவில்லை. அதனால்தான் இப்போது 60 வயதுக்குள், அல்லது மாதவிலக்கு நின்ற பத்து வருடத்துக்குள் ஆரம்பிப்பவர்களுக்கு நன்மைதான் மேலோங்கும் என்கிறோம். உங்களுக்கு 50 வயது, 14 மாதம். இந்தக் கணக்கில் நீங்கள் நல்ல இடத்தில்தான் இருக்கிறீர்கள்.

சித்திக்கு 62 வயதில் வந்த மார்பகப் புற்றுநோய் மட்டுமே உங்களுக்குத் தடையாகாது. உங்கள் அம்மாவுக்கோ அக்காவுக்கோ 50 வயதுக்குள் வந்திருந்தாலும், ஒரே பக்கத்துச் சொந்தத்தில் இரண்டு மூன்று பேருக்கு மார்பகத்திலோ சினைப்பையிலோ வந்திருந்தாலும் கதை வேறு. அப்போது மரபணுப் பரிசோதனையைப் பற்றிப் பேசிவிட்டுத்தான் ஹார்மோனைப் பற்றிப் பேசுவேன். உங்கள் வீட்டில் அப்படி யாராவது இருந்து, கடிதத்தில் விட்டுப்போயிருந்தால், டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

இனி, யார் ஹார்மோன் எடுக்கவே கூடாது என்பது. மார்பகப் புற்றுநோய் வந்து குணமானவர்கள் கூடாது. கர்ப்பப்பைப் புற்றுநோய் வந்தவர்களுக்கும் பொதுவாகக் கொடுப்பதில்லை. மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களும், கல்லீரல் நோய் தீவிரமாக இருப்பவர்களும் தவிர்க்க வேண்டும். காரணம் தெரியாத உதிரப்போக்கு இருக்கும்போது, அது ஏன் என்று கண்டுபிடிக்கும்வரை ஆரம்பிக்கக் கூடாது. இவற்றையெல்லாம் பெரும்பாலும் நோயாளியே சொல்லிவிடுவார். சொல்லாமல் விட்டுப்போவது கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்த கதைதான். அதனால் நான் இப்படிக் கேட்பேன்: "பிரசவத்துக்குப் பிறகோ, ஆபரேஷனுக்குப் பிறகோ ஒரு காலின் கெண்டைச்சதை மட்டும் வீங்கி வலித்ததா? ரத்தம் உறையாமல் இருக்க வயிற்றில் ஊசி போட்டார்களா? மாதக்கணக்கில் ரத்தத்தை இளக்கும் மாத்திரை கொடுத்தார்களா?" இப்படிக் கேட்டால்தான் "ஆமாம் டாக்டர், சின்னவன் பிறந்தப்போ ஒரு மாசம் காலைத் தூக்கியே வெச்சிருந்தாங்க" என்று ஞாபகம் வரும். உங்களுக்கு அப்படி எதுவும் இருந்திருந்தால் நான் கீழே சொல்வது எதுவும் பொருந்தாது.

நீங்கள் எழுதியதில் என்னை யோசிக்கவைப்பவை சித்தியைவிட, உங்கள் பி.பி.யும் எடையும்தான். உங்கள் உயரத்துக்கு 76 கிலோ கூடுதல். எடை கூடினாலே ரத்தம் உறையும் வாய்ப்பு கூடும். வாய்வழியாக ஈஸ்ட்ரோஜன் மாத்திரை விழுங்கினால், அது குடலிலிருந்து நேரே கல்லீரலுக்குத்தான் போகிறது. அங்கே ரத்தத்தை உறையவைக்கும் புரதங்களின் உற்பத்தியை அது கூட்டிவிடுகிறது. அதே ஈஸ்ட்ரோஜனைத் தோலில் ஜெல்லாகத் தடவினால் கல்லீரலை முதலில் தொடாமல் ரத்தத்தில் கலக்கும். வழக்கமான அளவில் தோல்வழி ஈஸ்ட்ரோஜன், ரத்தம் உறைவதைக் கூட்டுவதாகத் தெரியவில்லை. பி.பி.யையும் அது அனேகமாகத் தொந்தரவு செய்வதில்லை. எனவே உங்களுக்கு ஜெல்தான் என் தேர்வு. மாத்திரையைவிடக் கொஞ்சம் விலை கூடுதல், தினமும் தடவும் பொறுமையும் வேண்டும், ஆனாலும் உங்கள் விஷயத்தில் அதற்கு அர்த்தம் இருக்கிறது.

கர்ப்பப்பையைக் காக்க, இதோடு இரவில் படுக்கப்போகும்போது மைக்ரோனைஸ்டு புரோஜெஸ்டிரோன் 100 மி.கி. மாத்திரை ஒன்று தினமும் சாப்பிட வேண்டும். 2002 ஆய்வில் கொடுத்தது செயற்கைப் புரோஜெஸ்டிரோன். இது நம் உடலில் சுரப்பதைப் போன்றதே. மார்பகத்துக்கு இது அந்தச் செயற்கை வகையைவிடப் பாதுகாப்பாக இருக்கலாம் என்று பிரான்ஸில் நடந்த ஒரு பெரிய கண்காணிப்பு ஆய்வு காட்டுகிறது. கொஞ்சம் மயக்கமும் தூக்கமும் வரும், அதனால்தான் இரவில் கொடுப்பது. தூக்கம் கெட்ட உங்களுக்கு அது உதவியாகவே இருக்கும். ஜெல்லை மட்டும் தடவிவிட்டு, "மாத்திரை சாப்பிட்டால் தலை கிறுகிறுக்கிறது" என்று இதை நிறுத்திவிடும் பெண்கள் உண்டு. அப்படிச் செய்தால் அக்காவின் மாத்திரையைச் சாப்பிட்ட கதையாகிவிடும்.

ஜெல்லைத் தடவும் முறையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். குளித்துத் துடைத்து உடம்பு நன்றாகக் காய்ந்த பிறகு, தோளிலிருந்து முழங்கை வரை கையின் வெளிப்பக்கத்திலோ, தொடையின் உட்பக்கத்திலோ மெல்லியதாகப் பரப்புங்கள். தேய்த்து உள்ளே இறக்க வேண்டியதில்லை. ஐந்து நிமிடம் காயவிட்டு உடையைப் போடுங்கள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மார்பில் தடவக் கூடாது. தடவிய இடத்தில் ஒரு மணி நேரம் தண்ணீர் படக் கூடாது, பவுடர், எண்ணெய், லோஷன் எதுவும் கூடாது. வீட்டில் பேரக் குழந்தை இருந்தால், தடவிய கையோடு அப்படியே தூக்கி இடுப்பில் வைக்காதீர்கள். குழந்தையின் தோலில் ஒட்டினால் அதன் உடம்புக்குள்ளும் ஹார்மோன் போகும். ஜெல் பாட்டிலை எத்தனை முறை அழுத்தி எடுக்க வேண்டும் என்று உங்கள் டாக்டர் சொல்லும் அளவில் தொடங்குங்கள். பொதுவாகக் குறைந்த அளவில் ஆரம்பித்து, ஆறு முதல் எட்டு வாரம் பார்த்து, போதாவிட்டால் கூட்டுவார்கள்.

ஆரம்பிக்கும் முன் செய்யவேண்டியவை அதிகமில்லை. பி.பி. கட்டுக்குள் இருக்க வேண்டும். 150, 160 என்று இருந்தால் முதலில் அதைக் குறைக்கவேண்டும். மார்பகத்தை டாக்டர் தொட்டுப் பார்ப்பதும் ஒரு மேமோகிராமும் தேவை. சர்க்கரை, கொழுப்பு, கல்லீரல், தைராய்டு ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். கர்ப்பப்பையை ஒரு ஸ்கேன் பார்த்துவிடலாம். தைராய்டு கூடினாலும் இதே மாதிரி வேர்க்கும், படபடக்கும், தூக்கம் கெடும். இரவு வியர்வையோடு மாலையில் காய்ச்சலும் எடை குறைவதும் இருந்தால் காசநோயைச் சோதிக்காமல் விடக்கூடாது. நம் ஊரில் இது அபூர்வமான விஷயமில்லை. ஹார்மோன் அளவைச் சொல்லும் ரத்தப் பரிசோதனை மட்டும் வேண்டாம். 50 வயதில் 14 மாதம் மாதவிலக்கு வரவில்லை என்றால் மெனோபாஸ்தான், அதற்கு லேப் ரிப்போர்ட் தேவையில்லை.

எவ்வளவு பலன் கிடைக்கும் என்று கேட்டால், உடல் சூட்டையும் வியர்வையையும் குறைப்பதில் ஈஸ்ட்ரோஜனுக்கு நிகரான மருந்து இல்லை. மூளையில் உடல் வெப்பத்தைச் சமன்செய்யும் பகுதி, ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் மிகச் சின்ன வெப்ப மாற்றத்துக்கே பதறி ரத்தக் குழாய்களைத் திறந்துவிடுகிறது. அதைத்தான் நீங்கள் குப்பென்று ஏறும் சூடாக உணர்கிறீர்கள். ஈஸ்ட்ரோஜன் திரும்பக் கிடைத்ததும் அந்தப் பதற்றம் அடங்குகிறது. தூக்கமும் எரிச்சலும் பெரும்பாலும் இரவு வியர்வை நின்றதும் தானாகச் சரியாகும். எலும்பு பலவீனமாவதையும் தடுக்கும். ஆனால் எலும்புக்காக மட்டும் என்று உடல் சூடு இல்லாத பெண் கேட்டால் எழுதமாட்டேன், இதயத்தைக் காக்கவோ தோலைப் பளபளப்பாக்கவோ என்று கேட்டாலும் எழுதமாட்டேன். உங்களுக்குத் தொந்தரவு இருக்கிறது, அதற்காகத்தான் கொடுக்கிறோம்.

எத்தனை வருடம் என்பதை இப்போதே முடிவு செய்ய வேண்டாம். வருடத்துக்கு ஒரு முறை பார்த்து, பி.பி., மார்பகம், எடை எல்லாவற்றையும் சோதித்துத் தொடரலாமா என்று பேசுவோம். நான்கைந்து வருடம் ஆனதும் அளவைக் குறைத்துப் பார்க்கலாம். சூடு திரும்பினால் யோசிப்போம், திரும்பாவிட்டால் விட்டுவிடலாம்.

ஹார்மோன் எடுக்கக் கூடாதவர்கள் சூட்டைப் பொறுத்துக்கொண்டே இருக்கவேண்டும் என்பதில்லை. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் வென்லாஃபாக்சின் குறைந்த அளவில் உடல் சூட்டைக் குறைக்கும், இரவு வியர்வைக்கு காபாபென்டின் உதவும். மார்பகப் புற்றுநோய்க்கு டாமோக்சிஃபென் சாப்பிடுபவர்களுக்கு, மனச்சோர்வுக்கே கொடுக்கும் இன்னொரு மருந்தான பராக்ஸெட்டின் கூடாது. அது டாமோக்சிஃபெனின் வேலையைக் குறைத்துவிடும். கடைகளில் 'ஹார்மோன் பேலன்ஸ்' என்று விற்கும் பொடிகளுக்கும் லேகியங்களுக்கும் இதில் நம்பத்தகுந்த பலன் நான் பார்த்ததில்லை.

கணவரோடு சேரும்போது வரும் எரிச்சலுக்கு வேறு வழி இருக்கிறது. இதை வெட்கப்படாமல் எழுதியது நல்லது. உடல் சூடு நாளடைவில் தானாகவும் அடங்கலாம், ஆனால் இந்த வறட்சி வைத்தியம் செய்யாவிட்டால் வருடாவருடம் கூடும். சிறுநீர்த் தொற்று அடிக்கடி வருவதற்கும் இது ஒரு காரணம். பிறப்புறுப்பின் உள்ளே தடவும் எஸ்ட்ரியோல் என்ற ஈஸ்ட்ரோஜன் கிரீமை முதல் இரண்டு வாரம் தினமும் இரவிலும், அப்புறம் வாரத்துக்கு இரண்டு நாளும் பயன்படுத்துங்கள். இது ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு, அதனால் இதற்காகத் தனியாகப் புரோஜெஸ்டிரோன் வேண்டியதில்லை. ஜெல்லோடு சேர்த்தே இதைப் பயன்படுத்தலாம். ஜெல்லை ஆரம்பிக்க உங்களுக்கு மனம் வராவிட்டாலும், இதை மட்டுமாவது ஆரம்பியுங்கள்.

ஆரம்பித்த முதல் மூன்று, நான்கு மாதத்தில் லேசாக உதிரப்போக்கு பட்டால் பதற வேண்டாம், ஆனால் எந்தத் தேதி, எவ்வளவு என்று எழுதிவையுங்கள். ஆறு மாதம் கடந்தும் நிற்காவிட்டாலோ, முழுக்க நின்ற பிறகு திரும்ப வந்தாலோ உடனே வாருங்கள், ஸ்கேன் பார்க்க வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, ஒரு பக்கம் மரத்துப்போனாலோ தாமதிக்காமல் அவசரச் சிகிச்சைக்குப் போங்கள். இரண்டு, மூன்று வாரம் படுக்கையில் இருக்கும்படியான ஆபரேஷன் ஏதாவது வந்தால், ஹார்மோன் எடுப்பதை அந்த டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை. 44 வயதில் சினைப்பைகளை எடுத்தவருக்கு இயல்பாக மாதவிலக்கு நிற்கும் வயது வரையிலாவது ஈஸ்ட்ரோஜன் அவசியம், எலும்புக்காகவும் இதயத்துக்காகவும். அவர் எடுத்தது சரிதான். ஆனால் இப்போது 53 வயது. கடைசியாக எப்போது டாக்டரைப் பார்த்தார், பி.பி. பார்த்தாரா, மேமோகிராம் எடுத்தாரா என்று கேளுங்கள். பல வருடம் ஒரே சீட்டைக் காட்டி ஒரே மாத்திரையை வாங்கிக்கொண்டிருந்தால், அட்டையைத் திருப்பிக் கொடுக்கும்போது அவரையும் உங்களோடு கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.